அத்தானின் தலைவலியும் வைனில் உள்ள சல்பைட்டும்

கடந்த கிறிஸ்துமஸுக்கு நாகர்கோவிலில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அத்தான் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து, அதன் முதுகுப்பக்கத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து என்னிடம் காட்டினார். சல்பைட் எதுவும் சேர்க்கப்படாத சிவப்பு வைன் என்று அதில் அச்சிட்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த நண்பரிடம் சொல்லி வைத்து வாங்கியதாம். "இதுல உங்க மருந்து கிடையாது, மாப்பிள. இனிமே எனக்குத் தலைவலி வராது" என்றார். பாதிரியார் வீட்டு விருந்தானாலும் கல்யாண வீடானாலும், ஒரு கிளாஸ் சிவப்பு வைன் குடித்த ஒரு மணி நேரத்துக்குள் நெற்றிப் பொட்டில் வலி தொடங்கிவிடும் என்பது அவருடைய பல வருடத்துப் புகார். நான் நாசிக் பக்கத்தில் ஒரு வைன் ஆலையின் ஆய்வகத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன் என்பதால், அந்தப் புகாரில் எதிரியாக எப்போதும் என்னைத்தான் நிறுத்துவார்.

அன்று இரவு எட்டரை மணிக்குக் குடித்தார். ஒன்பதரைக்கு அக்காள் தைலக் குப்பியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவர் மருந்து என்று சொல்வது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற வெள்ளைப் பொடியை. ஆலையில் அதைக் கே.எம்.எஸ். என்றுதான் சொல்வோம். நம் ஊர்க் கடைகளில் விற்கும் பழ ஸ்குவாஷ் பாட்டிலில் ஐ.என்.எஸ். 224 என்று சிறிய எழுத்தில் இருப்பதும் இதுவேதான். வைனின் அமிலத்தில் கரைந்தவுடன் இது கந்தக டை ஆக்சைடை, அதாவது SO₂ என்ற வாயுவை வெளிவிடுகிறது. பொடியின் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் அந்த வாயுவாக மாறும். பொடி டப்பாவைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை; முதல் நாளே நானாகக் கற்றுக்கொண்டேன். தீக்குச்சி உரசிய கணத்தில் எழும் நெடியை நூறு மடங்காக்கி மூக்குக்குள் திணித்ததுபோல இருக்கும். தொண்டை இறுகும், கண்ணில் நீர் வரும், இரண்டு நிமிடம் இருமிய பிறகுதான் பேச்சு வரும். ஆனால் அன்றும் சரி, அதற்குப் பிறகு இந்த ஒன்பது ஆண்டுகளிலும் சரி, அந்த நெடியால் எனக்குத் தலை வலித்ததில்லை. இதை நான் ஆதாரமாகச் சொல்லவில்லை. சல்பைட் முதலில் தாக்கும் இடம் மூச்சுக்குழாய் என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பின்னால் அது தேவைப்படும்.

முதலில், சல்பைட் சேர்க்காத வைன் என்பது சல்பைட் இல்லாத வைன் அல்ல. திராட்சைச் சாறு நொதிக்கும்போது ஈஸ்ட் தன் வளர்சிதை மாற்றத்தின் பகுதியாகத் தானே சிறிதளவு SO₂வை உண்டாக்குகிறது. லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவில் அது இருப்பது சாதாரணம். சில ஈஸ்ட் வகைகள் அதைவிடக் கூடுதலாகவும் தரும். எங்கள் அம்மா பரணியில் பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்டும் ஒரு பிடி கோதுமையும் போட்டுக் கட்டிவைக்கும் கிறிஸ்துமஸ் வைனில்கூட அது இருந்திருக்கும். போதாததற்கு, நம் நாட்டு வெள்ளைச் சர்க்கரையில் பெரும்பகுதி கரும்புச் சாற்றில் கந்தகப் புகை செலுத்தி வெளுக்கப்படுவது. அதன் மிச்சமும் துளியளவு பரணிக்குள் போகிறது.

ஆலைகள் ஏன் இதை மேலும் சேர்க்கின்றன என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று காற்று, மற்றது கிருமி.

காற்றைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் கொஞ்சம் தவறானது. சல்பைட் ஆக்சிஜனைப் பிடித்து விழுங்கிவிடுகிறது என்பார்கள். வைனுக்குள் அந்த நேரடி வினை மிக மெதுவாகவே நடக்கிறது. உண்மையில் ஆக்சிஜனிடம் முதலில் சிக்குவது திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வந்த பாலிபீனால்கள். வைனில் எப்போதும் இருக்கும் துளியளவு இரும்பும் செம்பும் துணைபுரிய, பாலிபீனால்கள் குயினோன்களாக மாறுகின்றன. கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. இந்தப் பெராக்சைடுதான் அடுத்த கட்டத்தில் ஆல்கஹாலைத் தாக்கி அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. வெட்டிவைத்த ஆப்பிள் கறுத்த பிறகு வரும் வாசனையும், தட்டையான சுவையும், வெள்ளை வைன் தேநீர் நிறத்துக்குப் போவதும் இந்த வழியில் வருபவை. SO₂ இந்தச் சங்கிலியின் நடுவில் புகுந்து, பெராக்சைடு ஆல்கஹாலைத் தொடுமுன் அதை அழிக்கிறது. குயினோனையும் பழைய நிலைக்குத் திருப்புகிறது. ஏற்கெனவே உண்டாகிவிட்ட அசிட்டால்டிஹைடு இருந்தால் அதனோடு இறுகப் பிணைந்து, மூக்குக்கு எட்டாதபடி கட்டிப்போடுகிறது. இந்தப் பிணைப்பு மிக வலுவானது என்பதால், அப்படிக் கட்டுண்ட SO₂ பிறகு வேறு வேலைக்கு வராது.

கிருமிகளிடம் அது வேலை செய்யும் விதம் வேறு. வைனில் SO₂ பெரும்பாலும் பைசல்பைட் என்ற மின்னேற்றமுள்ள வடிவத்தில் இருக்கிறது. அந்த வடிவம் நுண்ணுயிரின் செல் சவ்வைத் தாண்டாது. மின்னேற்றமில்லாத மூலக்கூறு வடிவில் இருக்கும் மிகச் சிறிய பங்கு மட்டுமே சவ்வுக்குள் நழுவிப் போகும். உள்ளே அமிலத்தன்மை குறைவாக இருப்பதால், போனவுடன் அது மின்னேற்றம் பெற்று வெளியேற முடியாமல் சிக்கி, நொதிகளைக் கெடுக்கிறது. ஆகவே எவ்வளவு பொடி போட்டோம் என்பதைவிட, போட்டதில் எத்தனை பங்கு இந்த மூலக்கூறு வடிவில் நிற்கிறது என்பதே முக்கியம். அதைத் தீர்மானிப்பது வைனின் பி.எச். மதிப்பு.

இங்கே நாசிக்கின் வெயில் கணக்குக்குள் வருகிறது. அங்கே திராட்சை அறுவடை பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நடக்கும். பழம் முதிரும் கடைசி வாரங்களில் பகல் சூடு ஏற ஏற, பழத்தின் அமிலம் இறங்கும், பி.எச். ஏறும். பி.எச். 3.3 இருக்கும் ஒரு வைனில், கட்டுறாமல் இருக்கும் SO₂வில் சுமார் மூன்று சதவீதம் மூலக்கூறு வடிவில் இருக்கும். பி.எச். 3.7 ஆனால் அது ஒன்றேகால் சதவீதமாகச் சுருங்கிவிடும். சிவப்பு வைனுக்கு லிட்டருக்கு அரை மில்லிகிராம் மூலக்கூறு SO₂ வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முதலாவதற்கு 16 மில்லிகிராம் போதும். இரண்டாவதற்கு 39 தேவை. ஒரே பாதுகாப்புக்கு இரண்டரை மடங்கு சல்பைட். வெப்ப நாட்டு ஆலைகள் சாற்றில் டார்டாரிக் அமிலத்தைச் சேர்ப்பதற்கு நாக்கின் ருசி மட்டும் காரணமல்ல, பி.எச். இறங்கினால் கே.எம்.எஸ். மிச்சமாகும்.

போன பருவத்தில் ஷிராஸ் என்ற சிவப்பு வைன் இருந்த 5,000 லிட்டர் தொட்டி ஒன்றுக்கு நான் போட்ட கணக்கை அப்படியே சொல்கிறேன். மாலோலாக்டிக் நொதித்தல் முடிந்திருந்தது. அதாவது மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக மாற்றி முடித்திருந்தன. அது முடியும் முன்பே சல்பைட் போட்டால் அந்தப் பாக்டீரியாக்கள் பாதியிலேயே நின்றுவிடும். முடிந்த பிறகும் போடாமல் விட்டால், குதிரை லாயமும் நனைந்த தோலும் கலந்ததுபோல நாறவைக்கும் பிரெட்டனோமைசஸ் ஈஸ்டும், காடியாக்கும் அசிட்டிக் பாக்டீரியாவும் குடியேறும். எனவே அன்றே அளந்தாக வேண்டும். 20 மில்லி வைனைக் குடுவையில் ஊற்றி, பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து, பதினைந்து நிமிடம் அதன் ஊடாகக் காற்றை இழுத்தோம். கட்டுறாத SO₂ அந்தக் காற்றோடு வெளியேறிப் பக்கத்துக் குழாயில் உள்ள நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடுக்குள் குமிழியாக நுழைந்து கந்தக அமிலமாகும். அந்தக் குழாயில் கலந்திருக்கும் நிறங்காட்டியின் பச்சை நிறம் ஊதாவாக மாறும். பிறகு 0.01 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பச்சை திரும்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். இந்த அளவுகளில் ஒரு மில்லி சோடியம் ஹைட்ராக்சைடு என்பது லிட்டருக்கு 16 மில்லிகிராம் SO₂. எனக்கு முக்கால் மில்லி செலவானது. அதாவது 12 மில்லிகிராம்.

பி.எச். 3.7, தேவை 39, இருப்பது 12. பற்றாக்குறை 27. புதிதாக வந்தவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். 27 போட்டால் 27 ஏறாது. அசிட்டால்டிஹைடும் நிறமிகளும் சர்க்கரைகளும் தங்கள் பங்கைக் கட்டிக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பது அந்தத் தொட்டியின் முந்தைய அனுபவம். அதனால் லிட்டருக்கு 40 மில்லிகிராம், தொட்டி முழுமைக்கும் 200 கிராம் SO₂. பொடியில் 57 சதவீதமே அது என்பதால் 350 கிராம் கே.எம்.எஸ். நிறுத்து, வாளியில் வைன் எடுத்துக் கரைத்து, மேலிருந்து ஊற்றிக் கலக்கினோம். இரண்டு நாள் கழித்து அளந்தபோது 37 காட்டியது. போதும் என்று விட்டுவிட்டேன். கை தவறி இரட்டிப்பாகப் போட்டிருந்தால் சிவப்பு நிறம் ஒரு படி வெளிறியிருக்கும், கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் தீக்குச்சி நெடி குத்தியிருக்கும். வைன் சரியாக இருக்கிறதா என்பதை ஆய்வகத்துக்கு வெளியே அறிய இருக்கும் அடையாளங்கள் இவ்வளவுதான்.

பாட்டிலுக்குப் போகும் நாளில் அந்தத் தொட்டியில் கட்டுற்றதும் கட்டுறாததும் சேர்த்து மொத்தம் லிட்டருக்கு 84 மில்லிகிராம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சர்க்கரை மிஞ்சாத சாதாரணச் சிவப்பு வைனுக்கு உச்சவரம்பு 150. வெள்ளைக்கும் இளஞ்சிவப்பு ரோஸ் வைனுக்கும் 200. பிரான்சின் சோட்டேர்ன் போன்ற தேன் இனிப்பு வைன்களுக்கு 400 வரை அனுமதி உண்டு. அமெரிக்காவில் பொதுவாக 350. சட்டமே வெள்ளைக்குக் கூடுதலாக இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிவப்பு வைனில் தோலோடு ஊறி வந்த டானின்கள் காற்றின் தாக்குதலில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். வெள்ளை வைனுக்கு அந்தக் கவசம் இல்லை. இனிப்பு வைனில் மிஞ்சிய சர்க்கரை SO₂வைக் கட்டிப்போடுவதோடு, ஈஸ்ட் மறுபடி எழுந்து நொதிக்கவும் அழைப்பு விடுக்கிறது. ஆக, சல்பைட் பொதுவாகக் குறைவாக இருப்பது சிவப்பில். தலைவலிப் புகார் அதிகமாக வருவதும் சிவப்பின் மேல்தான். சல்பைட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இந்த ஒரு முரணுக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். அத்தான் வெள்ளை வைன் குடித்துத் தலைவலி என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பிறகு ஏன் உலகம் முழுவதும் இந்தப் பழி? என் கணிப்பில் பாதிக் காரணம் லேபிள். 1980களில் அமெரிக்க உணவகங்களில் பச்சைக் காய்கறி வாடாமல் பளிச்சென்று இருக்க சல்பைட் கரைசலைத் தெளிப்பார்கள். ஆஸ்துமா உள்ள சிலர் அதைச் சாப்பிட்டு மூச்சடைத்து இறந்தும் போனார்கள். 1986இல் அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகம் பச்சையாக உண்ணும் பழம், காய்கறிகளில் அதைத் தடைசெய்தது. 1987 முதல், லிட்டருக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால் வைன் பாட்டிலில் சொல்லியே ஆக வேண்டும் என்ற விதியும் வந்தது. ஈஸ்ட் தானே உண்டாக்குவதே அந்த அளவைத் தொட்டுவிடக்கூடும் என்பதால், ஏறக்குறைய எல்லாப் பாட்டிலிலும் அந்த வரி ஏறியது. ஐரோப்பாவில் 2005இல் அதே எச்சரிக்கை கட்டாயமானது. மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்காக எழுதப்பட்ட வரியைத் தலைவலிக்காரர்கள் படித்தார்கள். பாட்டிலில் வேறெந்தப் பொருளின் பெயரும் இல்லாதபோது, பெயர் இருப்பதன் மேல் சந்தேகம் விழுவது இயல்பு.

ஆஸ்துமா விஷயம் மட்டும் பொய்யல்ல. ஆஸ்துமா உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பேருக்குச் சல்பைட் ஒத்துக்கொள்ளாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. நோய் கடுமையாகி ஸ்டீராய்டைச் சார்ந்து இருப்பவர்களிடம் அது கூடுதல். விழுங்கும்போதும் இரைப்பையின் அமிலத்திலும் SO₂ வாயு வெளிப்பட்டு, அதை மூச்சோடு உள்ளிழுக்க நேர்கையில் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்பது அதற்கான ஒரு விளக்கம். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து அரை மணிக்குள் நெஞ்சு இறுகும், இளைப்பு வரும், சிலருக்குத் தோலில் தடிப்பு எழும். அப்படி நேர்ந்தவர் வீட்டில் பரிசோதனை செய்து பார்க்காமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். மற்றவர்களுக்கு உடலே தினமும் சல்பைட்டைக் கையாள்கிறது. நாம் சாப்பிடும் முட்டை, பருப்பு, இறைச்சியில் உள்ள கந்தக அமினோ அமிலங்கள் உடைபடும்போது உடலுக்குள் உண்டாகும் சல்பைட், ஒரு கிளாஸ் வைனில் வருவதைவிடப் பல மடங்கு. செல்களில் உள்ள சல்பைட் ஆக்சிடேஸ் என்ற நொதி அதை உடனுக்குடன் தீங்கற்ற சல்பேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது.

அளவைப் பார்ப்போம். மேலே சொன்ன ஷிராஸில் 150 மில்லி கிளாஸ் ஒன்றில் இருப்பது சுமார் 13 மில்லிகிராம். அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் அத்தான் தன் சல்பைட் சேர்க்காத வைனோடு தட்டில் வைத்துக்கொண்டிருந்தது முந்திரியும், தங்க நிறத்தில் மினுங்கும் உலர்ந்த ஆப்ரிகாட்டும். உலர்ந்த ஆப்ரிகாட் இயல்பில் பழுப்பு நிறமானது. அந்தத் தங்க நிறமே கந்தகப் புகையின் வேலை. பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினேன், SO₂வுக்கான எண்ணான ஐ.என்.எஸ். 220 என்றிருந்தது. ஐரோப்பிய விதிப்படி கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் வரை அதில் இருக்கலாம். உச்ச அளவில் வைத்துக்கொண்டால் அவர் தின்ற ஐம்பது கிராமில் 100 மில்லிகிராம், பாதிதான் இருந்தது என்றாலும் 50. நான்கு கிளாஸ் வைனுக்குச் சமம். "இதைத் தின்னா உங்களுக்கு என்னிக்காவது தலை வலிச்சிருக்கா அத்தான்?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து இல்லை என்றார். நேர்மையாகச் சொன்னால் இது முழுமையான சோதனை அல்ல, ஏனென்றால் ஆப்ரிகாட்டில் ஆல்கஹால் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் சிலருக்கு வலி வருகிறது என்று ஒருவர் வாதிடலாம். 2019இல் போர்த்துக்கல்லில் இளைஞர்களிடம் நடந்த ஓர் ஆய்வு அந்தப் பக்கம்தான் கை காட்டியது. வைனால் தலைவலி வரும் பழக்கம் ஏற்கெனவே உள்ளவர்களிடம், சல்பைட் கூடுதலான வைனுக்குப் பிறகு வலி கூடுதலாகக் காணப்பட்டது என்றது. சிறிய ஆய்வு, ஆனால் எதிர்ச் சாட்சி என்பதால் மறைப்பது முறையல்ல.

சிவப்பு வைனில் ஆல்கஹால் தவிர வேறு ஏதோ இருக்கிறது என்பதற்கு நான் மதிக்கும் சாட்சி 1988இல் லான்செட் இதழில் வந்த ஒரு சிறிய சோதனை. சிவப்பு வைனால் ஒற்றைத் தலைவலி வருகிறது, மற்ற மதுவால் வருவதில்லை என்று நம்பியவர்களை அழைத்து, சிலருக்குச் சிவப்பு வைனும், சிலருக்கு அதே அளவு ஆல்கஹால் இருக்கும்படி எலுமிச்சைப் பானத்தில் கலந்த வோட்காவும், நிறம் தெரியாத பாட்டிலில் குளிர்வித்துக் கொடுத்தார்கள். வைன் குடித்த 11 பேரில் 9 பேருக்கு வலி வந்தது. வோட்கா குடித்த 8 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அத்தானைப் போன்றவர்கள் கற்பனை செய்யவில்லை என்பதற்கு இது போதும். எது காரணம் என்பதை அது சொல்லவில்லை.

ஒவ்வாமையின்போது உடலே வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற பொருளின் மேல் நீண்ட காலம் சந்தேகம் இருந்தது. மாலோலாக்டிக் நொதித்தலில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அதை உண்டாக்குகின்றன; சிவப்பு வைன்கள் ஏறத்தாழ எல்லாமே அந்தக் கட்டத்தைத் தாண்டி வருபவை, வெள்ளை வைன்களில் பல அதைத் தவிர்ப்பவை. குடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதி சிலரிடம் குறைவு, ஆல்கஹால் அதை மேலும் மட்டுப்படுத்தும். எல்லாம் பொருந்திவருவதுபோலத் தோன்றும். ஆனால் 2001இல் பிரான்சில், வைன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கே ஹிஸ்டமின் மிகுந்த வைனையும் குறைந்த வைனையும் அடையாளம் தெரியாமல் கொடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை. சிலருக்கு மட்டும் அது காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்குச் சல்பைட் சேர்க்காத வைன் மோசமான தேர்வு என்பதுதான் வேடிக்கை. சல்பைட் இல்லாத தொட்டியில் பாக்டீரியாக்கள் தங்கள் விருப்பப்படி வளரும், ஹிஸ்டமின் போன்ற அமீன்கள் ஏற வாய்ப்பு கூடும். கட்டிப்போட ஆளில்லாத அசிட்டால்டிஹைடும் அப்படியே நிற்கும்.

இப்போது என் கவனம் இருப்பது 2023 நவம்பரில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கருதுகோளில். அப்ரமிதா தேவி, மோரிஸ் லெவின், ஆண்ட்ரூ வாட்டர்ஹவுஸ் ஆகியோர் எழுதியது. ஆல்கஹால் உடலில் முதலில் அசிட்டால்டிஹைடாகவும் பிறகு அசிட்டேட்டாகவும் மாறுகிறது. இரண்டாவது படியை நடத்தும் நொதிக்கு ஏ.எல்.டி.எச்.2 என்று பெயர். சீனா, ஜப்பான், கொரியா மக்களில் பெரும் பகுதியினருக்கு இந்த நொதி பிறவியிலேயே மந்தமாக இருப்பதால், கொஞ்சம் குடித்தவுடன் முகம் சிவந்து, குமட்டலும் தலைவலியும் வருகின்றன. திராட்சைத் தோலில் குவெர்செட்டின் என்ற ஒரு பாலிபீனால் இருக்கிறது. அதை நாம் விழுங்கியதும் உடல் அதைக் குளுக்குரோனைடு என்ற வடிவத்துக்கு மாற்றுகிறது. சோதனைக் குழாயில் அந்த வடிவம் ஏ.எல்.டி.எச்.2 நொதியை முக்கால் பங்குக்கு மேல் தடுத்தது. அப்படியானால் சிவப்பு வைன் குடிப்பவர் சிறிது நேரத்துக்கு அந்த மந்தமான நொதிக்காரரைப் போல ஆகிவிடுகிறார் என்பது அவர்கள் வாதம். சோதனைக் குழாயில் தடுப்பது ஒன்று, இரத்தத்தில் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு திரியும்போது அதே அளவு தடுக்குமா என்பது வேறு. மனிதர்களிடம் மெய்ப்பிக்கப்படும்வரை இதைக் கருதுகோள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் தோட்டத்தைத் தெரிந்தவனுக்கு இந்த வாதம் உடனே பிடித்துப்போகும். குவெர்செட்டின் என்பது திராட்சை வெயிலுக்குப் பூசிக்கொள்ளும் களிம்பு. கொத்து வெயிலில் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு அது தோலில் ஏறும். நிழலில் கிடந்த பழத்தைவிட நான்கைந்து மடங்குகூட ஏறலாம் என்று வாட்டர்ஹவுஸ் சொல்கிறார். சிவப்பு ரகங்களில் நிறம் ஏற வேண்டும் என்பதற்காகக் கொத்தைச் சுற்றியுள்ள இலைகளை நாங்களே கிள்ளி எடுக்கிறோம். சாறு தோலோடு நாள்கணக்கில் ஊறுவதும் பெரும்பாலும் சிவப்பில்தான். வெள்ளையில் பிழிந்தவுடன் தோலை நீக்கிவிடுவதால் குவெர்செட்டின் மிகக் குறைவு. சல்பைட்டால் விளக்க முடியாத சிவப்பு, வெள்ளை வித்தியாசத்தை இது விளக்குகிறது. விலை உயர்ந்த, நன்றாக வெயில் பட்ட சிவப்பு வைனே கூடுதலாக வலிக்கச் செய்யும் என்றும் இதிலிருந்து வருகிறது. எங்கள் விற்பனைப் பிரிவினரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

வைன் கிளாஸில் விட்டுக் கலக்கினால் சல்பைட் போய்விடும் என்று இணையத்தில் சொட்டு மருந்து விற்கிறார்கள். அவற்றில் பலவற்றில் இருப்பது நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு. எங்கள் ஆய்வகக் குடுவையில் நடப்பதேதான் கிளாஸிலும் நடக்கும்: கட்டுறாத SO₂ சல்பேட்டாகிவிடும், கட்டுற்றது பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஒரு சொட்டு கூடிவிட்டால் மிஞ்சிய பெராக்சைடு வைனையே கெடுக்கத் தொடங்கும். ஹிஸ்டமினையோ குவெர்செட்டினையோ குறிவைத்து அது எதுவும் செய்வதில்லை. மறுநாள் காலையில் வரும் தலைவலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது குடித்த ஆல்கஹாலின் அளவும், தண்ணீர் இழப்பும், கெட்ட உறக்கமும் சேர்ந்து தருவது. அத்தானுக்கு வருவது குடித்த அரை மணி முதல் மூன்று மணிக்குள், ஒரே கிளாஸில் வருவது; அதைத்தான் சிவப்பு வைன் தலைவலி என்கிறார்கள்.

நாசிக் திரும்பும்போது அத்தானின் பாட்டிலில் மிஞ்சியதில் ஒரு சிறு குப்பி எடுத்துப்போய் அளந்தேன். மொத்தச் சல்பைட் லிட்டருக்கு 14 மில்லிகிராம். லேபிளில் பொய் இல்லை, எல்லாம் ஈஸ்ட் செய்தது. ஈஸ்டருக்கு வந்தபோது எங்கள் பகுதியில் விளைந்த, கொஞ்சம் இனிப்பு மிஞ்சிய செனின் பிளாங்க் ஒன்றைக் கொண்டுவந்தேன். அது வெள்ளை வைன். ஆய்வகக் குறிப்பின்படி மொத்தச் சல்பைட் 142. எண்ணைச் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன்; அவருக்கு ஆஸ்துமா இல்லை என்பது எனக்குத் தெரியும். அன்றும் மறுநாளும் ஒவ்வொரு கிளாஸ் குடித்தார், தைலக் குப்பி வெளியே வரவில்லை. இரண்டு இரவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. என்ன நிறம் என்று அவர் பார்த்துக்கொண்டேதான் குடித்தார், நம்பிக்கையும் தலைவலியைத் தீர்க்கும். மூன்றாம் நாள் அந்த எண்ணைச் சொன்னேன். பாட்டிலை வாங்கித் திருப்பி, பின்பக்க வரியைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "அப்ப அந்தச் செவப்புக்காரனுக்குக் குடுத்த ரூபா?" என்று கேட்டார். அக்காள் சமையலறையிலிருந்து, அந்த ரூபாய்க்கு ஆறு குப்பி தைலம் வாங்கியிருக்கலாம் என்றாள்.